ஒரே ஒரு கருத்துக்கு எத்தனை ஸ்லைடு?

அண்ணன் மகள் இன்ஸ்டாகிராமில் தமிழ் இலக்கணத்துக்கென்று ஒரு பக்கம் நடத்துகிறாள். ஒருநாள் இரவு பத்துப் படங்களை வரிசையாக அனுப்பி, "சித்தப்பா, தப்பு ஏதாவது இருக்கான்னு பாருங்க, காலைல போடணும்" என்றாள். ‘கதவைத் திற’ என்பதில் ஏன் ‘த்’ வருகிறது என்று விளக்கும் கேரசல் அது. இலக்கணத்தில் தப்பு இல்லை. "ஏன் பத்து?" என்று மட்டும் கேட்டேன். "பத்துதானே எல்லாரும் போடுவாங்க" என்றாள்.

எல்லாரும் பத்துப் போட்டதற்குக் காரணம் உண்டு. இன்ஸ்டாகிராம் 2017 பிப்ரவரியில் ஒரே பதிவில் பல படங்களைச் சேர்க்கும் வசதியைத் தந்தபோது உச்சவரம்பு பத்து. ஏழாண்டுக்கு மேல் அந்த வரம்பு மாறவில்லை. டெம்ப்ளேட் விற்றவர்களும் பத்துப் பக்கத் தொகுப்புகளையே விற்றார்கள். 2024 ஆகஸ்டில் வரம்பு இருபதானது. லிங்க்ட்இன்னில் கேரசல் என்று எல்லாரும் சொல்வது உண்மையில் ஒரு பிடிஎஃப் கோப்பு. அதில் முந்நூறு பக்கம்வரை ஏற்றலாம். டிக்டாக்கின் படப் பதிவில் முப்பத்தைந்து. இவையெல்லாம் பாத்திரத்தின் கொள்ளளவு. எவ்வளவு சமைப்பது என்ற கேள்விக்கு இவற்றில் பதில் இல்லை.

பல கருத்துகளைத் தொகுக்கும் கேரசலில் இந்தச் சிக்கல் எழாது. ‘சென்னையில் பார்க்க வேண்டிய எட்டு நூலகங்கள்’ என்றால் எட்டும், முகப்பு ஒன்றும். எண்ணிக்கை பொருளிலேயே இருக்கிறது. கற்பிப்பது ஒரே கருத்து என்னும்போதுதான் தடுமாற்றம். ஒரு கருத்துக்கு ஒரு படம் போதாதா? போதாதென்றால் மூன்றா, ஆறா, பன்னிரண்டா? இதுபற்றி இந்தத் தொழிலில் உலவும் பதில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அந்த ஒற்றெழுத்துக் கேரசலுக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன்.

அதிகம் கேட்கும் பதில், ‘நீளமாகப் போடு’ என்பது. ஸ்லைடு கூடக் கூட வாசகர் பதிவில் தங்கும் நேரம் கூடும், அல்காரிதம் அதை விரும்பும் என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. கேரசல்கள் ஒற்றைப் படங்களைவிட அதிகம் பேரைச் சென்றடைவதற்கு இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே இரண்டு காரணங்களை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். படங்கள் பல என்பதால் பார்ப்பவர் ஏதாவது செய்ய வாய்ப்பு அதிகம் என்பது ஒன்று. முதல் படத்தைப் பார்த்துவிட்டு ஸ்வைப் செய்யாமல் போனவருக்கு அதே பதிவு பின்னால் மறுபடி வரும்போது அடுத்த படம் முதலில் தெரியலாம் என்பது மற்றொன்று.

இந்த இரண்டாவது காரணத்தை ஊன்றிப் பார்த்தால், அது நீளத்துக்குச் சாதகமாக எதையும் சொல்லவில்லை. இரண்டாம் ஸ்லைடு இன்னொரு முகப்பாக மாறக்கூடும் என்று மட்டும் சொல்கிறது. ‘ஒரு நிமிடம் பொறுங்கள்’, ‘தொடர்ந்து ஸ்வைப் செய்யுங்கள்’ என்று ஒரு ஸ்லைடை வெறுமனே செலவழிக்கிறவர்கள், தங்களுக்குக் கிடைக்கும் அந்த இரண்டாவது வாய்ப்பில் வாசகருக்குக் காலி இலையைக் காட்டுகிறார்கள். நானாக இருந்தால் இரண்டாம் ஸ்லைடிலேயே விடையைப் பரிமாறிவிடுவேன்.

நீளத்துக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு பேச்சுக்கு, ஒவ்வொரு ஸ்வைப்பிலும் பத்தில் ஒன்பது பேர் தங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஸ்லைடு கேரசலில் ஐந்து ஸ்வைப்; கடைசிவரை வருகிறவர்கள் நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேர். பத்து ஸ்லைடில் ஒன்பது ஸ்வைப். வருகிறவர்கள் முப்பத்தொன்பது பேர். உண்மையில் இழப்பு இப்படிச் சீராக நடப்பதில்லை. முதல் ஸ்வைப்பில்தான் பெருங்கூட்டம் கலையும். அதைத் தாண்டியவர்கள் ஓரளவு பொறுமைசாலிகள். ஆனாலும் கணக்கின் போக்கு மாறாது. ஒன்றும் சொல்லாத ஸ்லைடு ஒன்றைச் சேர்த்தால், அதற்குப் பின்னால் இருக்கும் எல்லா ஸ்லைடுகளும் அதற்கு வாடகை கட்டுகின்றன.

எதிர்முனையில் நிற்பவர்கள் ‘ஏழுக்கு மேல் கூடாது’ என்பார்கள். ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையைச் சாட்சிக்கு அழைப்பார்கள்: மனித நினைவு ஒரே சமயத்தில் ஏழு பொருளை, இரண்டு முன்பின்னாக, வைத்துக்கொள்ளும் என்பது. 2001இல் நெல்சன் கோவன் அதை நான்காகக் குறைத்தார் என்று படித்தவர்கள் ‘நான்கு ஸ்லைடு’ என்கிறார்கள். இரண்டுமே இங்கே பொருந்தாது. அந்த ஆய்வுகள் பேசுவது, கண்ணெதிரே இல்லாத பொருள்களில் எத்தனையை மனம் ஏந்திக்கொள்ளும் என்பதைப் பற்றி. ஸ்லைடுகளை யாரும் மனத்தில் ஏந்திக்கொண்டு நடப்பதில்லை. விரலைப் பின்னால் தள்ளினால் முந்தையது வந்துவிடும். மில்லரும் கோவனும் நமக்கு உதவுவது ஒரு ஸ்லைடுக்குள் எத்தனை புதுப் பொருள் வைக்கலாம் என்ற கேள்வியில்தான்.

கற்பித்தல் ஆய்வில் இதற்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. ரிச்சர்ட் மேயர், பால் சாண்ட்லர் என்ற இருவர் 2001இல் வெளியிட்டது. மின்னல் எப்படி உண்டாகிறது என்பதை விளக்கும், குரலோடு கூடிய அசைபடம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 140 விநாடி. அதைப் பதினாறு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு பொத்தான் வைத்தார்கள். அழுத்தினால்தான் அடுத்தது வரும். கிட்டத்தட்ட ஒரு கேரசல்தான். துண்டு துண்டாகத் தம் வேகத்தில் பார்த்தவர்கள், ஒரே ஓட்டமாகப் பார்த்தவர்களைவிட ஒரு வகைத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். படித்ததைத் திருப்பிச் சொல்லும் தேர்வில் அல்ல. படித்ததை வைத்துப் புதுக் கேள்விக்கு விடை காணும் தேர்வில். இன்னொன்றும் தெரிந்தது. முதலில் துண்டாகவும் பிறகு முழுதாகவும் பார்த்தவர்கள், முதலில் முழுதாகவும் பிறகு துண்டாகவும் பார்த்தவர்களை முந்தினார்கள்.

மின்னல் உண்டாவது ஒரே கருத்துதானே, அதற்குப் பதினாறு துண்டா என்று தோன்றலாம். அந்தக் கருத்து ஒரு சங்கிலி. ஈரக்காற்று மேலெழுகிறது, குளிர்ந்து மேகமாகிறது, மேகத்தின் மேற்பகுதி உறைகிறது, பனித்துகள்கள் விழுகின்றன, மின்னூட்டம் பிரிகிறது என்று ஒவ்வொரு கண்ணியும் முந்தையதன் விளைவு. ஒரு கண்ணி புரிவதற்குள் அடுத்தது வந்தால் சங்கிலி அறுந்துவிடும். அதனால் கண்ணிக்கு ஒரு நிறுத்தம் தேவைப்பட்டது. பதினாறு என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. அந்த விளக்கத்தில் கண்ணிகள் அத்தனை இருந்தன.

அதே சாண்ட்லர், ஜான் ஸ்வெல்லரோடு சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் வேறொன்றையும் காட்டியிருந்தார். சேர்த்துப் பார்த்தால்தான் புரியும் இரண்டு விஷயங்களைப் பிரித்து வைத்தால், கற்பவரின் கவனம் இரண்டுக்கும் நடுவே அலைந்தே தீர்ந்துபோகிறது. வடிவியல் படம் ஓரிடத்தில், அதன் விளக்கம் வேறிடத்தில் இருப்பது பழைய பாடப்புத்தகங்களின் பழக்கம். விளக்கத்தைப் படத்தின் மேலேயே எழுதியபோது மாணவர்களுக்கு எளிதாயிற்று.

ஒன்று பிரி என்கிறது, மற்றொன்று பிரிக்காதே என்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விடை பிடிபட்டது. ஸ்லைடு எண்ணிக்கை கருத்தின் வடிவத்தைப் பொறுத்தது. அதன் கனத்தைப் பொறுத்ததல்ல.

சங்கிலி வடிவக் கருத்துக்குக் கண்ணிக்கு ஒரு ஸ்லைடு. இட்லி மாவு ஏன் புளிக்கிறது என்பது அப்படிப்பட்டது. எட்டு ஸ்லைடுகூட நியாயம். ஒப்பீட்டு வடிவக் கருத்து வேறு: ‘இதுவும் அதுவும் ஒன்றுபோலத் தெரிகின்றன, ஆனால் வேறு’ என்பதே அதன் சாரம். இங்கே ‘இது’ ஒரு ஸ்லைடிலும் ‘அது’ அடுத்த ஸ்லைடிலும் போனால் ஒப்பீடே செத்துப்போகும். இரண்டும் ஒரே ஸ்லைடில் அருகருகே நிற்க வேண்டும், அதனால் எண்ணிக்கை தானே குறையும். செய்முறை என்றால், கை எங்கே நின்று அடுத்ததைத் தொடங்குகிறதோ அங்கே ஸ்லைடு மாற வேண்டும். வேட்டி கட்டுவதைக் கற்பிக்கிறவர் துணியை நகர்த்தும் ஒவ்வோர் அசைவுக்கும் படம் போட வேண்டியதில்லை. பிடியை மாற்றும் இடங்களுக்குப் போட்டால் போதும். அளவின் பிரம்மாண்டத்தைக் காட்டும் கருத்து இவை எல்லாவற்றுக்கும் விலக்கு. பூமிக்கும் நிலாவுக்கும் நடுவே உள்ள தூரத்தில் ஏறத்தாழ முப்பது பூமிகளை வரிசையாக வைக்கலாம் என்பதைச் சொல்ல, முதல் ஸ்லைடில் பூமியும் கடைசி ஸ்லைடில் நிலாவும், நடுவே எழுத்தே இல்லாத கறுப்பு ஸ்லைடுகளுமாகப் போடலாம். அங்கே விரலின் அலுப்புதான் பாடம்.

அண்ணன் மகளின் கேரசலுக்கு வருகிறேன். அவள் போட்ட பத்தும் இப்படி இருந்தன. முகப்பு: ‘நீங்கள் தினமும் செய்யும் பிழை!’ இரண்டாவது: ‘ஸ்வைப் செய்து பாருங்கள்.’ மூன்றாவதில் வேற்றுமை என்றால் என்ன. நான்காவதில் எட்டு வேற்றுமைகளின் பட்டியல். ஐந்தாவதில்தான் விதி: இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’ வெளிப்படையாக வந்து, அடுத்த சொல் க, ச, த, ப வரிசை எழுத்தில் தொடங்கினால் அந்த வல்லின மெய் இடையில் மிகும். ஆறிலும் ஏழிலும் எடுத்துக்காட்டுகள். எட்டில் மிகாத இடங்கள். ஒன்பதில் தொகுப்பு. பத்தில் ‘மேலும் அறியப் பின்தொடருங்கள்.’

எதிர்வீட்டில் குடியிருக்கும் தையல்காரர் ஒருவருக்கு இதைக் காட்டினோம். நன்றாகப் படிக்கிறவர், இலக்கணத்தை மறந்தவர். இந்தப் பதிவின் வாசகர் அப்படிப்பட்டவர்தான். பத்தும் பார்த்து முடித்ததும் ‘அவன் கதவை … தட்டினான்’ என்று எழுதிக் கொடுத்தோம். ‘த்’ சரியாகப் போட்டார். அடுத்து ‘மழை … பெய்தது’. தயங்காமல் ‘ப்’ போட்டார். ‘மழைப் பெய்தது’. ஏன் என்று கேட்டதற்கு, "ஐ-ல முடியுதே" என்றார்.

அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது. பத்து ஸ்லைடு போதவில்லை. அதே சமயம் பத்து அதிகம். தேவையில்லாத நான்கைந்து உள்ளே இருந்தன, தேவையான ஒன்று இல்லை. அவர் கற்றுக்கொண்டது ‘ஐ ஒலியில் முடிந்தால் ஒற்று’ என்பது. விதி அதுவல்ல. ‘மழை’யில் இருக்கும் ஐ அந்தச் சொல்லின் சொந்தப் பகுதி, ‘மழையை’ என்பதில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் உருபு. ஆக, இது விதியைச் சொல்லிவிட்டு எடுத்துக்காட்டு அடுக்கும் கருத்தே இல்லை. இரண்டு ஐகளை வேறுபடுத்தும் ஒப்பீட்டுக் கருத்து. அவள் அதைப் பாடப்புத்தக வரிசையில் சங்கிலியாக நீட்டியிருந்தாள்.

பிறகு வெட்டத் தொடங்கினோம். வெட்டுவதற்கு இரண்டு சோதனைகள் வைத்துக்கொண்டோம். ஒரு ஸ்லைடை எடுத்துவிட்டால் பின்னால் வரும் ஏதாவது ஒரு ஸ்லைடு புரியாமல் போகிறதா? எட்டு வேற்றுமைகளின் பட்டியலை எடுத்தோம். எதுவும் புரியாமல் போகவில்லை. வேற்றுமை என்ற சொல்லையே எடுத்தோம்; அப்போதும் போகவில்லை. இதைச் செய்யும்போது அவள் முகம் வாடியது. தெரிந்ததைச் சொல்லாமல் விடுவது தமிழ் படித்தவர்களுக்குக் கஷ்டம்தான், எனக்கும் அந்த நோய் உண்டு.

அடுத்த சோதனை, அருகருகே இருக்கும் இரண்டு ஸ்லைடுகளை இடம் மாற்றுவது. மாற்றினாலும் ஒன்றும் கெடவில்லை என்றால் அவை இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஆறாவதும் ஏழாவதும் அப்படித்தான் இருந்தன. க, ச எடுத்துக்காட்டு ஒன்றில், த, ப எடுத்துக்காட்டு மற்றொன்றில். ஒன்றாக்கினோம். இதே சோதனையைக் காதாலும் செய்யலாம். ஸ்லைடுகளின் தலைப்புகளைச் சேர்த்து வாய்விட்டுப் படிக்கும்போது நடுவில் ‘ஆனால்’, ‘அதனால்’, ‘அப்படியென்றால்’ என்று இயல்பாக வந்து விழுந்தால் ஸ்லைடு மாறுவதற்குக் காரணம் இருக்கிறது. ‘மேலும்’, ‘அதோடு’ என்று வந்தால் இல்லை.

முடிவில் ஆறு நின்றன. முதல் ஸ்லைடில் இரண்டே வரி: ‘பூனை பிடித்தது’, ‘பூனையைப் பிடித்தது’. கீழே சின்னதாக, ‘எதில் பூனை மாட்டிக்கொண்டது?’ இலக்கணம் என்ற சொல்லே இல்லை. ஒப்பீடு முகப்பிலேயே தொடங்கிவிடுகிறது. இரண்டாவதில் விடை: இரண்டாவது வரியில்தான் பூனை மாட்டியது, அதைச் சொல்வது ஒட்டிக்கொண்ட ‘ஐ’. அந்த ஐக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் தன் மெய்யையும் இழுத்துக்கொண்டு வரும். முதல் ஸ்லைடைப் பார்க்காதவருக்கும் புரிய வேண்டும் என்பதால் ‘பூனையைப் பிடித்தது’ என்ற வரியை இங்கே மறுபடி பெரிதாக எழுதினோம்.

மூன்றாவதில் இரண்டு பத்தி. இடப்பக்கம் ‘கதவைத் திற, பாலைக் குடி, கடையைச் சாத்து, பூவைப் பறி’. வலப்பக்கம் ‘கதவை மூடு, பாலை ஊற்று, கடையை அடை, பூவை எடு’. பழைய எட்டாவது ஸ்லைடில் தனியாகக் கிடந்த ‘மிகாத இடம்’ இங்கே தன் ஜோடியோடு வந்து சேர்ந்தது. நான்கு ஜோடிகளுக்கு நான்கு ஸ்லைடு போடலாமே என்று அவள் கேட்டாள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு ஜோடியைப் பார்த்தால் ‘திற’வுக்கும் ‘மூடு’வுக்கும் உள்ள வேறுபாடு மட்டும் தெரியும், நான்கையும் ஒரே பார்வையில் பார்க்கும்போதுதான் இடப்பக்கம் முழுதும் வல்லினம் என்ற ஒழுங்கு கண்ணில் படும்.

நான்காவது புதிது. தையல்காரருக்காக எழுதியது. ‘மழை பெய்தது’, ‘மழையைப் பார்த்தேன்’. இதில்தான் எங்களுக்கு நேரம் போனது. கடைசி ஐயை எடுத்துப் பாருங்கள், மிச்சம் ஒரு சொல்லாக நின்றால் அது உருபு என்று முதலில் எழுதினோம். ‘கதவை’யில் ஐயை எடுத்தால் ‘கதவு’. ‘மழை’யில் எடுத்தால் ‘மழ்’, அப்படி ஒரு சொல் இல்லை. அழகாக வந்ததே என்று நினைத்தபோது, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் "மலையை என்ன செய்வீங்க? யானையை என்ன செய்வீங்க?" என்று கேட்டார். ‘மலை’யில் ஐயை எடுத்தால் ‘மல்’, மற்போர். ‘யானை’யில் எடுத்தால் ‘யான்’. சோதனை இடிந்து விழுந்தது. கேள்வி கேட்கும் முறைக்கு மாறினோம்: எது பெய்தது? மழை. எதைப் பார்த்தேன்? மழையை. ‘எதை’, ‘யாரை’ என்ற கேள்விக்கு விடையாக வந்தால்தான் இந்த விதி.

இந்த இடத்தில் அந்த ஆசிரியர் இன்னொரு ஸ்லைடு சேர்க்கச் சொன்னார். ‘யானைக்குட்டி’, ‘மலைப்பாம்பு’ என்பவற்றில் உருபு இல்லாமலே ஒற்று மிகுகிறதே, வாசகர் குழம்ப மாட்டாரா என்றார். குழம்பலாம். ஆனால் அவை தொகைச் சொற்கள், விதி வேறு. அதைச் சேர்த்தால் இது இரண்டு கருத்துக் கேரசல் ஆகிவிடும். ஒரு ஸ்லைடு சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்வி, பல நேரம் இது இன்னும் அதே கருத்துதானா என்ற கேள்வியாக முடிகிறது. கேப்ஷனில் ஒரு வரி எழுதி அதைத் தனிப் பதிவுக்கு ஒத்திவைத்தோம்.

ஐந்தாவதில் பயிற்சி: ‘மழையை … பார்த்தேன், மழை … பெய்தது, மழையை … ரசித்தேன்’. ஆறாவதில் விடைகளும், மொத்த விதியும் ஒரே அட்டையில். விடையை ஐந்தாவதிலேயே கீழே சின்னதாகப் போட்டால் ஒரு ஸ்லைடு மிச்சம். ஆனால் விடை தெரிகிற இடத்தில் யாரும் யோசிப்பதில்லை. புத்தகத்தில் தலைகீழாக அச்சிட்டு மறைப்பார்கள். இங்கே ஸ்வைப்தான் திரை. மொத்த விதியைக் கடைசியில் வைத்ததற்கு மேயர், சாண்ட்லர் ஆய்வில் கண்டதும் ஒரு காரணம்: துண்டாகப் பார்த்தபின் முழுதாகப் பார்ப்பது. ‘பின்தொடருங்கள்’ ஸ்லைடு கேப்ஷனுக்குப் போனது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு எண்ணிக்கையைக் கூட்டும் ஒரு நெருக்கடி தனியாக இருக்கிறது. ஆங்கில டெம்ப்ளேட்டுகள் அதை அறியாது. வழக்கமான ஸ்லைடின் அளவு 1080 × 1350 பிக்சல். கைப்பேசியில் அதன் அகலம் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர். ஓரத்தில் இருபக்கமும் தொண்ணூறு விட்டால் எழுதக் கிடைப்பது 900. எழுத்தளவு 48 பிக்சல் என்று வைத்தால் கண்ணுக்கு மூன்று மில்லிமீட்டர். அதற்குக் கீழே போனால் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கண்ணாடியைத் தேடுவார்கள். அந்த அளவில் தமிழ் எழுத்து அகலமானது, சொற்களும் நீளமானவை. ஒரு வரிக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு சொல். ஆங்கிலத்தில் இரண்டு வரியில் அடங்கும் வாக்கியம் நமக்கு நான்கு வரி கேட்கும்.

அப்போது பலர் வாக்கியத்தை நடுவில் முறித்து மிச்சத்தை அடுத்த ஸ்லைடில் போடுகிறார்கள். ஸ்லைடு கூடுகிறது, கருத்து நகரவில்லை. எழுத்தைச் சுருக்குவதும் தீர்வல்ல. வாக்கியத்தைத்தான் மாற்ற வேண்டும். ‘இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வரும் இடங்களில் வல்லினம் மிகும்’ என்பதற்கு 48 பிக்சலில் மூன்று வரி வேண்டும். ‘எதை? என்று கேள். விடைக்குப் பின் க, ச, த, ப மிகும்’ என்பது அதைவிடக் குறைவான இடத்தில் அதிக வேலை செய்கிறது. இடப் பற்றாக்குறையால் ஒரு ஸ்லைடு பிறக்கிறது என்றால், அதைப் பிறக்கவிடும் முன் வாக்கியத்தை ஒருமுறை திரும்ப எழுதிப் பார்ப்பது நல்லது. (முகப்பில் ஓரம் விடுவதற்கு வேறு காரணமும் உண்டு. 2025 ஜனவரியில் சுயவிவரப் பக்கக் கட்டங்கள் சதுரத்திலிருந்து 3:4 ஆனதால், 4:5 அளவில் செய்த முகப்பின் இரு பக்கமும் முப்பத்துச் சொச்சம் பிக்சல் வெட்டுப்படும்.)

போட்டபின் எண்ணிக்கை சரியா என்று அறிவது எப்படி? லைக் எண்ணிக்கை இதற்கு உதவாது. முகப்பைப் பார்த்தே லைக் போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். நான் நம்புவது ஒரு சுற்றுவழியை. அதே ஸ்லைடுகளை ஒருநாள் ஸ்டோரியாக வரிசையாகப் போட்டுப் பார்ப்பது. ஸ்டோரியில் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக எத்தனை பேர் அடுத்ததற்குத் தட்டினார்கள், எத்தனை பேர் பின்னால் போனார்கள், எத்தனை பேர் வெளியேறினார்கள் என்று தெரியும். ஒரு படத்தில் வெளியேறியவர்கள் திடீரென்று கூடினால் அது சுமை. ஒரு படத்திலிருந்து பலர் பின்னால் தட்டியிருந்தால், அதற்கும் முந்தையதற்கும் நடுவே ஒரு படி காணாமல் போயிருக்கிறது, அல்லது சேர்ந்திருக்க வேண்டிய இரண்டைப் பிரித்துவிட்டோம். எங்கள் மூன்றாவது ஸ்லைடின் பழைய வடிவத்தில், மிகும் இடமும் மிகாத இடமும் தனித்தனிப் படமாக இருந்தபோது, பின்னால் தட்டியவர்கள் அங்கேதான் அதிகம். ஸ்டோரி பார்க்கிறவர்கள் ஏற்கெனவே பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் என்பதையும், படம் தானாகவே நகர்ந்துவிடும் என்பதையும் மறக்காமல் இந்த எண்களைப் படிக்க வேண்டும். முகப்பு புதியவர்களை இழுக்குமா என்பது இதில் தெரியாது.

கருத்துப் பெட்டியும் கொஞ்சம் சொல்லும். ‘அப்போ யானைக்குட்டி?’ என்று கேட்டால் எல்லை தெளிவாக இருக்கிறது, அடுத்த பதிவுக்குப் பொருள் கிடைத்தது. ‘அப்போ மழைப் பெய்தது தப்பா?’ என்று கேட்டால் நான்காவது ஸ்லைடு வேலை செய்யவில்லை.

ஆறு ஸ்லைடையும் போட்டாள். எங்கள் கணக்கில் இல்லாத ஒன்று பத்து நாள் கழித்து நடந்தது. ஆறாவது அட்டை மட்டும் தனியாக எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அது எங்கெங்கோ சுற்றி, அவளுடைய பெரியப்பாவே அவளுக்கு ‘பயனுள்ள தகவல்’ என்று அனுப்பியிருந்தார். முழு ஆறும் யாராவது அனுப்பினாலும் வாட்ஸாப் நான்கு படத்தைக் கட்டமாகக் காட்டி மிச்சத்தை மடித்துவிடும். ஐந்தாவதையும் ஆறாவதையும் திறந்து பார்ப்பவர் சிலரே. அந்த அட்டையில் விதி இருந்தது, பயிற்சியின் விடைகள் இருந்தன, ஆனால் ‘எது, எதை’ என்ற கேள்வி இல்லை. அது நான்காவது ஸ்லைடில் இருக்கிறதே என்று விட்டிருந்தோம். குழுவில் அன்று மாலையே ஒரு சித்தி எழுதினார்: ‘இங்கே நல்ல மழைப் பெய்கிறது.’

ஏழாவது ஸ்லைடு சேர்க்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அட்டையில் எடுத்துக்காட்டுகளில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘எது? மழை பெய்தது. எதை? மழையைப் பார்த்தேன்’ என்று எழுதி மறுபடி போட்டாள்.